பேக்கிங் லைன் எஃப்எம்இஏ ஷீட்: ‘சீல் கசிவு’ என்று ஒரே வரி போதுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தூள்லைன்
தூள் நிரப்பும் செங்குத்து பவுச் மெஷின், நிமிடத்துக்கு 60 பவுச். என்னென்ன கோளாறு வரலாம், எது எவ்வளவு ஆபத்து என்று எண் போட்டு வைக்கும் எஃப்எம்இஏ ஷீட் இதற்கு முன்பே இருந்தது, அதைத் திருத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அதில் இரண்டு வரிகள்தான் எங்களை நிறைய நேரம் உட்கார வைத்தன.

ஒன்று, “சீல் கசிவு: தீவிரம் 7, நேர்வு 5, கண்டறிதல் 3”. மூன்றும் 1 முதல் 10 வரை; நேர்வு என்றால் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது, கண்டறிதல் எண் கூடக் கூடப் பிடிப்பது கடினம். பெருக்கினால் 105. இன்னொன்று, “தவறான ஃபிலிம்: 10, 2, 4”. அது 80. நூறைத் தாண்டினால் நடவடிக்கை என்பது எங்கள் விதி. அதனால் கசிவுக்கு “ஆபரேட்டருக்குப் பயிற்சி” என்று எழுதியிருந்தார்கள், ஃபிலிமுக்கு ஒன்றுமில்லை.

தீவிரம் 7-ல் தகராறு வரவில்லை. ஈரம் புகுந்து தூள் கட்டியாகிவிடும், வாங்கியவர் தூக்கி எறிவார், ஆனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. சண்டையெல்லாம் கண்டறிதல் 3-ல்தான். அரை மணிக்கு ஒருமுறை 5 பவுச்சைத் தண்ணீரில் வெற்றிடச் சோதனை செய்கிறோம், அதுதான் அந்த 3-க்குக் காரணமாம். அந்த அரை மணியில் 1,800 பவுச் ஓடிவிடுகிறது.

ஹீட்டர் போய்விட்டால் எல்லா பவுச்சும் கசியும், அடுத்த சாம்பிளிலேயே தெரிந்துவிடும். அதற்கு 3 நியாயம். ஆனால் சீலுக்கு நடுவே தூள் மாட்டிக்கொள்வது அங்கொன்று இங்கொன்றாக வரும் கோளாறு. 500-ல் ஒன்று கசிகிறது என்று வைத்துக்கொண்டால், 5 பவுச் எடுக்கும்போது அது கையில் சிக்க ஏறக்குறைய 1 சதவீதம்தான் வாய்ப்பு. இதற்கும் 3 என்றால் எப்படி?

அதனால் காரணத்துக்கு ஒரு வரி என்று பிரித்தோம். ஹீட்டர் கோளாறு: 7, 3, 3, மொத்தம் 63. சீலில் தூள்: 7, 6, 8, மொத்தம் 336. அந்த 6 ரீவொர்க் பதிவேட்டையும் புகார்களையும் பார்த்துப் போட்டது. இப்படிப் பிரித்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

கியூசி_ஷிஃப்ட்2
கணக்கு சரி. ஆனால் இதற்கு ஷீட்டைப் பிரிப்பானேன்? சாம்பிளை 20 ஆக்கிவிட்டால் கண்டறிதல் 4-க்கு வந்துவிடுமே. நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தூள்லைன்
20 எடுத்தாலும் அதே 500-ல் ஒன்றுக்கு 4 சதவீதம் வாய்ப்புதான் சார். உங்கள் ஷீட்டில் எண் 4 ஆகிவிட்டது, கசிகிற பவுச் என்னவோ வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும்.

பழைய_ஃபிட்டர்
தூள் ஏன் சீலுக்கு வருகிறது என்று மெஷின் பக்கம் நின்று பார்த்தீர்களா தம்பி? மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, தூளின் அடர்த்தி பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும். லேசான தூள் மெதுவாக விழும், வால் நீண்டுவிடும், சீல் போடும் ஜா மூடும்போது கடைசித் தூள் இன்னும் அந்தரத்தில் இருக்கும். இரண்டு, ஃபிலிமில் ஸ்டாட்டிக் ஏறித் தூள் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். மூன்று, தூளைத் தள்ளும் ஆகர் திருகு நின்ற பிறகும் கொஞ்சம் சொட்டும். முதலாவதற்கு ஜா மூடும் நேரத்தைத் தள்ளிப்போடலாம், ஆனால் வேகம் குறையும். புரொடக்ஷன்காரர் அதைத் திரும்ப ஏற்றிவிடுவார், நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று. ஹீட்டர் வரியில், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தப்பாகக் காட்டுவதையும் சேர்த்தீர்களா? திரை செட் பண்ணிய டிகிரியையே காட்டும், ஜாவின் முகம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். எல்லா பவுச்சும் கசியாது, பலவீனமாக ஒட்டிக்கொண்டு அன்றைய சோதனையில் தப்பிவிடும். அதற்கு 3 போடாதீர்கள்.

தூள்லைன்
அண்ணே, தெர்மோகப்பிள் சேர்க்கவில்லை. தனி வரி போட வேண்டியதுதான்.

மூடி_பிரச்சினை
இது என் கதை மாதிரியே இருக்கிறது, என்னுடையது பாட்டில் லைன். மூடி இறுக்கத்துக்கு டார்க் மீட்டர் வைத்துக் கண்டறிதல் 2 போட்டிருந்தோம். கசிவுப் புகார் வந்துகொண்டே இருந்தது. மூடிக்குள் இருக்கும் ஃபாயில் இண்டக்‌ஷனில் சரியாக ஒட்டவில்லை, மூடியோ கச்சிதமாக இறுகியிருந்தது. மீட்டர் மூடியை அளந்தது, ஃபாயிலை அளக்கவில்லை. இப்போது ஃபாயிலுக்கு என்ன எண் போடுவது என்றுதான் கேட்க வந்தேன்.

ரிஸ்க்_ஷீட்காரர்
மூடி நண்பருக்கு: ஒவ்வொரு பாட்டிலையும் பார்க்கிற ஏதாவது இருக்கிறதா, இல்லை சாம்பிள்தானா என்று முதலில் சொல்லுங்கள். சாம்பிள் மட்டும் என்றால் தூள்லைனின் 8-க்குப் பக்கத்தில்தான் உங்களுடையதும் வரும்.

தூள்லைன், ஹீட்டருக்கு 3 போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். சாம்பிள் தோற்றால் முந்தைய நல்ல சாம்பிள் வரை உள்ள 1,800 பவுச்சும் அங்கேயே நிற்கிறதா, இல்லை அதற்குள் லாரி ஏறிவிட்டதா? நிறுத்திவைக்கும் விதி இல்லாவிட்டால் அந்த 3 செல்லாது. காரணக் கட்டத்தில் அதையும் எழுதுங்கள்.

ஆனால் உங்கள் ஷீட்டில் எனக்கு உண்மையில் பயம் தருவது அந்த 80. பால் கலந்த தூளும் கலக்காததும் ஒரே மெஷினில் ஓடுகின்றன என்றால், தவறான ஃபிலிம் ஒவ்வாமை உள்ளவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். தீவிரம் 10 சரி. அதை யார் 4-ல் கண்டுபிடிக்கிறார்?

தூள்லைன்
ரோல் மாற்றும்போது ஆபரேட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு ஃபிலிமும் ஒரே நிறம், பெயர் மட்டும் வேறு.

ரிஸ்க்_ஷீட்காரர்
அப்போது 7. இதையும் காரணத்தால் பிரியுங்கள். ஆபரேட்டர் தவறான ரோலை எடுப்பது ஒன்று: 10, 3, 7, மொத்தம் 210. ஃபிலிம் அச்சடித்த இடத்திலேயே ரோலுக்கு நடுவில் வேறு அச்சை ஒட்டி அனுப்பிவிடுவது இன்னொன்று. மாற்றும்போது ரோலின் வெளிச்சுற்று மட்டும்தான் தெரியும் என்பதால் கண்டறிதல் 9 போடுவேன்: 10, 2, 9, மொத்தம் 180.

ரோல் லேபிளை ஸ்கேன் செய்தால்தான் மெஷின் ஓடும் என்று வைத்தால் முதல் வரியில் நேர்வு குறையும், இரண்டாவது வரி அப்படியே இருக்கும். இரண்டையும் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பவுச்சின் பார்கோடையும் படித்து, மாறினால் லைனை நிறுத்தும் ரீடர் வேண்டும். அது கண்டறிதலைத்தான் குறைக்கும். தீவிரம் எதைச் செய்தாலும் 10-லேயே நிற்கும். பயிற்சி கொடுத்துத் தீவிரத்தை 6 ஆக்கிய ஷீட்டெல்லாம் பார்த்திருக்கிறேன்.

கியூசி_ஷிஃப்ட்2
அப்படியானால் வரிசை? 336-தானே முதலில் வர வேண்டும்?

ரிஸ்க்_ஷீட்காரர்
பெருக்கலை மட்டும் பார்த்தால் அப்படித்தான். வாகனத் துறைக்காக ஏஐஏஜி, விடிஏ இரண்டும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலையே கைவிட்டு, தீவிரத்துக்கு முதலிடம் கொடுத்து உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று பிரிக்கிறது. அதில் பிரித்த ஃபிலிம் வரிகள் இரண்டும் உயர்வு, தூளும் உயர்வு, ஹீட்டர் தாழ்வு. ஆனால் பழைய 10, 2, 4-ஐப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் தாழ்வுதான் வரும். எண் தப்பாக இருந்தால் எந்த முறையும் கைகொடுக்காது.

என் வரிசை இது: ரோல் ஸ்கேன் முதலில், பெரிய செலவில்லாமல் உடனே வைக்கலாம். அடுத்து தூளுக்கு ஜா நேரமும் ஸ்டாட்டிக் நீக்கும் பாரும். மூன்றாவது பார்கோடு ரீடர்.

தூள்லைன்
தூளுக்குப் பவுச்சை அழுத்திப் பார்க்கும் பெல்ட் டெஸ்டர் வாங்கலாம் என்று குழுவில் ஒருவர் நிற்கிறார். ஒவ்வொரு பவுச்சையும் பார்க்கும், 8 என்பது 4 ஆகும் என்கிறார்.

பழைய_ஃபிட்டர்
பெரிய ஓட்டையைப் பிடிக்கும். தூள் மாட்டியதால் வருகிற மெல்லிய வழியில் அந்த இரண்டு மூன்று விநாடி அழுத்தத்துக்குக் காற்று எவ்வளவு போகும்? உங்கள் கசிவுப் பவுச்சையே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டு எண் போடுங்கள்.

ரீடர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு லைனில் ரீடர் அடிக்கடி சும்மா சும்மா நிறுத்துகிறது என்று பைபாஸ் சாவி பேனலிலேயே தொங்கியது. ஷீட்டில் கண்டறிதல் 2.

ரிஸ்க்_ஷீட்காரர்
சாவி சூப்பர்வைசர் கையில் இருக்க வேண்டும், ஷிஃப்ட் தொடங்கும்போது தவறான பவுச் ஒன்றை விட்டு லைன் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் நான் 2 போடுவேன்.

பழைய_ஃபிட்டர்
நான் 5-க்குக் கீழே போட மாட்டேன். ராத்திரி ஷிஃப்டில் சூப்பர்வைசர் யார் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூடி_பிரச்சினை
சாம்பிள் மட்டும்தான். அப்போ 8 போட்டுவிடுகிறேன், மேனேஜருக்கு யார் சொல்வது?