64 ஜிபி சேர்வரில் 11 ஜிபி பேஜ் டேபிளுக்கே போகிறது: ஹியூஜ் பேஜ் போடலாமா?

தர்ஷன்_தெஹிவளை
வணக்கம். அலுவலகத்தில் ஒரு போஸ்ட்கிரெஸ் சேர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. ஸ்கைலேக் தலைமுறை சியோன், 64 ஜிபி ரேம், `shared_buffers` 16 ஜிபி. அப்ளிகேஷன் பக்கமிருந்து 400 கனெக்ஷன் எப்போதும் திறந்தே கிடக்கும். ரீஸ்டார்ட் செய்த அன்று எல்லாம் ஒழுங்கு. மூன்றாம் நான்காம் நாள் ரேம் தீர்ந்து, கேர்னல் ஒரு பேக்கெண்டைக் கொல்ல, முழு டேட்டாபேஸும் ரிக்கவரிக்குப் போகிறது. நேற்றுப் பின்னேரம் விழுவதற்குச் சற்று முன் எடுத்தது:

```
$ grep -E 'PageTables|HugePages_Total|Hugepagesize' /proc/meminfo
PageTables:     11734528 kB
HugePages_Total:       0
Hugepagesize:       2048 kB
```

ரேமை 4 கேபிக்குப் பதில் 2 எம்பித் துண்டுகளாகப் பிரிக்கும் ஹியூஜ் பேஜ் போடச் சொல்கிறான் கூட்டாளி. ரேம் வீணாகும் என்கிறார் மேலாளர். யார் சொல்வது சரி?

பாலா
போஸ்ட்கிரெஸ் பேஜ் 8 கேபி தானே தம்பி. அதை மாற்றுவதென்றால் சோர்ஸிலிருந்து திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும் டேட்டாபேஸில் கை வைக்க வேண்டாம்.

ரெஜி
மேலாளர் சொல்வதுதான் சரி. இன்டர்னல் ஃபிராக்மென்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. பேஜ் பெரிதானால் சராசரியாகப் பாதிப் பேஜ் காலியாகக் கிடக்கும். 4 கேபியில் 2 கேபி போனால் யாருக்கு நட்டம்? 2 எம்பியில் பேஜுக்கு 1 எம்பி போகும். ஒரு கிலோ சீனி வாங்க 50 கிலோ சாக்கோடு புறக்கோட்டைக்குப் போகிற கதை.

கல்யாணி_கொ06
பாலா அண்ணா, நீங்கள் சொல்வது டேட்டாபேஸின் பிளாக். இங்கே பேச்சு செயலியின் பேஜைப் பற்றி. ஒன்றை மாற்ற மற்றதைத் தொட வேண்டியதில்லை.

ரெஜி, பாதிப் பேஜ் காலி என்ற கணக்கு ஒவ்வொரு பேஜுக்கும் வராது. ஒரு தொடர்ச்சியான பகுதியின் கடைசிப் பேஜில் மட்டும்தான் மிச்சம் கிடக்கும். தர்ஷனின் 16 ஜிபி ஒரே பகுதி, அதுவும் 400 ப்ராசஸும் பங்கிடும் பகுதி. எல்லாம் சேர்த்து வீணாவது ஒரு தடவை, அதிகபட்சம் 2 எம்பி. உங்கள் சாக்கு 50 கிலோதான், ஆனால் அவர் வாங்குவது 16 தொன் சீனி.

வீண் போவது வேறு இடத்தில். 16 ஜிபியை 4 கேபியாக வெட்டினால் 41,94,304 துண்டு. ஒவ்வொன்றும் ரேமில் எங்கே இருக்கிறது என்று குறிக்க பேஜ் டேபிளில் 8 பைட் வரி. ஆக 32 எம்பி. போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்ஷனுக்கு ஒரு ப்ராசஸ். டேட்டா பொதுவாக இருந்தாலும் டேபிள் அவரவருக்குத் தனித்தனி. 400 × 32 எம்பி = 12.5 ஜிபி. அவர் காட்டியது 11.2 ஜிபி, சில கனெக்ஷன்கள் இன்னும் முழு பஃபரையும் தொட்டு முடிக்கவில்லை. தொட்ட இடத்துக்குத்தான் வரி எழுதப்படும், அதனால்தான் முதல் நாள் சுகமாக இருந்து நாலாம் நாள் விழுகிறது.

2 எம்பி பேஜில் 8,192 வரி, ப்ராசஸுக்கு 64 கேபி. 400க்கும் சேர்த்து 25 எம்பி.

நிவே_மொறட்டுவை
அக்கா, ஒரு சந்தேகம். எங்களுக்குப் படிப்பித்த சூத்திரத்தில் இரண்டும் வருகிறது. ப்ராசஸின் அளவு s, டேபிளின் ஒரு வரி e, பேஜ் அளவு p என்றால் டேபிளுக்கு s·e/p, வீணுக்கு p/2, கூட்டினால் மிகக் குறைவாக வருவது p = √(2se). s = 1 எம்பி, e = 8 பைட் என்று போட்டால் சரியாக 4 கேபி. ஆனால் s = 16 ஜிபி போட்டால் 512 கேபிதானே வருகிறது? 2 எம்பி அதை விட நான்கு மடங்கு பெரிது. அப்போது ரெஜி அண்ணா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ?

ரெஜி
பார்த்தீர்களா! பிள்ளை கணக்கோடு வந்திருக்கிறா.

கல்யாணி_கொ06
நிவே, கணக்குச் சரி. ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு ப்ராசஸை மட்டும் மனதில் வைத்து எழுதியது. இங்கே ஒரே 16 ஜிபிக்கு 400 டேபிள். அதாவது ஒரு பேஜுக்கு உண்மையில் போகும் வரி 8 பைட் இல்லை, 3,200 பைட். e-க்கு அதைப் போட்டுப் பாருங்கள். 400இன் வர்க்கமூலம் 20, ஆக 512 கேபி இருபது மடங்காகி 10 எம்பி வரும். x86இல் நமக்குக் கிடைப்பது 4 கேபி, 2 எம்பி, 1 ஜிபி மூன்றும்தான். 10 எம்பிக்குக் கிட்ட இருப்பது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சூத்திரத்தில் இன்னொரு குறை, டேபிளில் அண்மையில் தேடிய வரிகளைச் செயலி தனக்குள்ளேயே வைத்திருக்கும் டி.எல்.பி அதில் எங்கேயுமே இல்லை. ஸ்கைலேக்கில் இரண்டாம் நிலை டி.எல்.பியில் 1,536 இடம். 4 கேபி பேஜ் என்றால் அது எட்டும் தூரம் 6 எம்பி. 16 ஜிபி பஃபருக்கு முன்னால் 6 எம்பி. 2 எம்பி பேஜ் என்றால் அதே 1,536 இடம் 3 ஜிபி வரை எட்டும்.

ஃபர்ஹான்
எல்லாம் நல்ல கதைதான் மச்சான், ஆனால் எங்கள் இடத்தில் ஹியூஜ் பேஜால் பட்டது எனக்குத்தான் தெரியும். ரெடிஸ் பெட்டி ஒன்று. டிஸ்கில் எழுத அது ஃபோர்க் ஆகும். அதற்குப் பிறகு எழுத்து வரும் ஒவ்வொரு பேஜையும் கேர்னல் நகலெடுக்க வேண்டும். நூறு பைட் மாற்றினால் 4 கேபி நகல் போதும், எங்களுக்கு 2 எம்பி நகல் நடந்தது. கீகள் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்க, ஸ்னாப்ஷாட் நேரத்தில் ரேம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. `transparent_hugepage` ஐ `never` ஆக்கிய பிறகுதான் நிம்மதி. தர்ஷன், கவனம்.

கல்யாணி_கொ06
ஃபர்ஹான் சொல்வது நடக்கும். ரெடிஸ்காரர்களே அதை அணைக்கத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது நாம் கேட்காமலேயே கேர்னல் பெரிய பேஜ் கொடுக்கும் வகை. ஒரு பைட் தொட்டாலும் 2 எம்பி முழுவதையும் பூச்சியமாக்கித் தருவான், சிறு சிறு துண்டாக நினைவகம் கேட்கும் புரோகிராமில் ரெஜி பயப்படும் அந்த வீண் அங்கேதான் உண்மையாக வரும். தர்ஷனுக்குத் தேவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் வகை. `shared_buffers` பொது நினைவகம் என்பதால் ஃபோர்க் நகல் பிரச்சினையும் அதில் இல்லை. நீங்கள் அணைத்ததை அவரும் அணைத்தே வைக்கலாம், இதற்கு ஒரு தடையும் இல்லை.

ரெஜி
சரி, சீனிச் சாக்கை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நோய் 400 கனெக்ஷன். பிஜிபௌன்சர் என்ற கனெக்ஷன் பூலர் போட்டு 40 ஆக்கினால் டேபிள் 1.25 ஜிபி. கேர்னலைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, 3 ஜிபி எட்டினாலும் பஃபர் 16 ஜிபி. மிச்சம் 13 ஜிபிக்கு அப்போதும் தவறத்தானே செய்யும்?

கல்யாணி_கொ06
பூலர் நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. டேபிள் குறையும். எட்டும் தூரம் அதே 6 எம்பியிலேயே நிற்கும், அவ்வளவுதான்.

தவறும், உண்மை. ஆனால் தவறினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செயலி டேபிளைத் தேடிப் போக வேண்டும். அந்த டேபிளும் நினைவகத்தில்தான் இருக்கிறது. 64 கேபி டேபிள் என்றால் கோரின் 1 எம்பி கேஷிலேயே கிடக்கும், சில பத்து சைக்கிளில் வேலை முடியும். 32 எம்பி டேபிள் அந்தக் கேஷில் கிடக்காது. டேட்டாவை எடுக்க ரேமுக்கு ஒரு நடை, அது எங்கே என்று கேட்க இன்னொரு நடை. மேலும் 2 எம்பியில் படி ஒன்று குறைவு, நாலுக்குப் பதில் மூன்று.

ரெஜி
எத்தனை சதவீதம் வேகம் கூடும்? இலக்கம் சொல்லுங்கள்.

கல்யாணி_கொ06
சொல்ல மாட்டேன். குவெரிகள் டிஸ்கை எதிர்பார்த்து நின்றால் ஒன்றுமே தெரியாது. பஃபரில் அங்குமிங்கும் பாய்ந்தால் தெரியும். வேலை மிகுந்த ஒரு பேக்கெண்டில் முன்னும் பின்னும் அளந்து பார்க்கட்டும்:

```
perf stat -e dTLB-loads,dTLB-load-misses -p <pid> sleep 30
```

தர்ஷன்_தெஹிவளை
நேற்றிரவு செய்து பார்த்தேன், நிலைமை மோசம். 16 ஜிபியை 2 எம்பியால் வகுத்து `vm.nr_hugepages=8192` போட்டு ரீபூட் செய்து போஸ்ட்கிரெஸை ஏற்றினேன். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் ரேம் முன்பை விடக் குறைவு.

```
HugePages_Total:    8192
HugePages_Free:     8192
```

ரெஜி
நான் சொன்னேன்.

கல்யாணி_கொ06
ஒன்றைக்கூட அது எடுக்கவில்லை, பார்த்தீர்களா? பொது நினைவகத்தில் `shared_buffers` மட்டும் இல்லை, பூட்டுகள், கனெக்ஷன் விவரம், வேறு சில்லறையும் உண்டு. எல்லாம் ஒரே துண்டாகக் கேட்கப்படும். 8,192க்குள் அது அடங்காததால் மொத்தமாகக் கிடைக்காமல் போயிருக்கிறது. இயல்புநிலை `huge_pages = try`, அதனால் சத்தமில்லாமல் 4 கேபிக்குத் திரும்பிவிட்டது. இப்போது உங்கள் 16 ஜிபி யாருக்கும் உதவாமல் பூட்டிக் கிடக்கிறது, பஃபர் இன்னொரு 16 ஜிபியை எடுத்திருக்கிறது.

பதிப்பு 15 அல்லது அதற்குப் பின் என்றால், சேர்வரை நிறுத்திவிட்டு அதையே கேளுங்கள்:

```
postgres -D $PGDATA -C shared_memory_size_in_huge_pages
```

வருகிற எண்ணுக்கு மேல் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். `huge_pages = on` ஆக்குங்கள், கிடைக்காவிட்டால் கத்திக்கொண்டு நிற்கட்டும். ஒதுக்கீட்டை பூட் நேரத்திலேயே செய்தது நல்லது. பல நாள் ஓடிய சேர்வரில் ரேம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும், கேட்டதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

தர்ஷன்_தெஹிவளை
8500 போட்டேன், ஏறியது. `HugePages_Free` இறங்கிவிட்டது. இன்று ஆறாம் நாள், 400 கனெக்ஷனும் அப்படியே, `PageTables` 180 எம்பிக்குக் கிட்ட நிற்கிறது. `perf` இல் தவறுகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் குவெரி நேரத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை அக்கா.

ரெஜி
பூலரையும் போடு. 17 ஜிபியை ஒரேயடியாகக் கட்டிப் போட்டிருக்கிறாய். மாதக்கடைசி ரிப்போர்ட் ஓடும்போது ரேம் போதாவிட்டால் அதிலிருந்து ஒரு பைட் திரும்பி வராது, ஸ்வாப்புக்கும் போகாது.

கல்யாணி_கொ06
பஃபர் ஸ்வாப்புக்குப் போகாதது எனக்கு நல்லதாகத்தான் படுகிறது. ஆனால் மாதக்கடைசியைப் பற்றி ரெஜி கேட்பது சரி. `work_mem` எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் தர்ஷன்?

ஃபர்ஹான்
அது கிடக்க, 1 ஜிபி பேஜ் போட்டால் பதினாறோ பதினேழோ வரியோடு விஷயம் முடியுமே? யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா?

கல்யாணி_கொ06
`huge_page_size` இல் கேட்கலாம். ஆனால் ஸ்கைலேக்கில் 1 ஜிபி பேஜுக்கு இரண்டாம் நிலையில் 16 இடம்தான், அந்தப் பதினேழாவது ஒன்றுக்கு என்னாகும் என்று யோசியுங்கள். அதோடு கடைசிப் பேஜில் கிடக்கும் மிச்சம் இப்போது நூற்றுக்கணக்கான எம்பி. ரெஜியின் சாக்குக் கதைக்கு அங்கே இடம் உண்டு.