ஓனரம்மாவின் இனிஷியல்: ஆன்லைனில் வாடகை ஒப்பந்தம் போட்ட அனுபவங்கள்

செல்வகுமார்

நான்கு மாதம் முன்பு மேடவாக்கத்தில் வீடு மாறினேன். மாத வாடகை 14,000, அட்வான்ஸ் 60,000, பதினோரு மாத ஒப்பந்தம். ஓனரம்மா தென்காசியில் மகள் வீட்டில் இருக்கிறார். கையெழுத்துக்காக அவரை சென்னைக்கு வரச் சொல்ல மனசு வரவில்லை. இ-ஸ்டாம்ப் வாங்கி, ஒப்பந்தமும் அடித்துத் தருகிற ஒரு தளத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்திலேயே சிக்கல். `First Name`, `Last Name` என்று இரண்டு கட்டம், இரண்டுமே கட்டாயம். நான் வெறும் ப. செல்வகுமார். `Last Name` கட்டத்தில் P என்று போட்டால் ஓர் எழுத்து போதாது என்று சிவப்பில் காட்டுகிறது. சரி என்று அப்பா பெயரை முழுதாக அடித்தேன். ஓனரம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரில் `Kalyani S` என்று இருந்தது. போன் போட்டேன், எடுத்தது மகள். "எஸ்னா சண்முகம், எங்க அப்பா பேரு" என்றார். நானும் `KALYANI SHANMUGAM` என்று அடித்துவிட்டேன்.

அடுத்து வீட்டு முகவரி, இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, போன் எண். அப்புறம் பணம். மொத்தம் 649 ரூபாய். அதில் ஸ்டாம்ப் 100, மீதி அவர்கள் கட்டணமும் கூரியரும். பணம் கட்டும்போது பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது, ஆனால் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இன்னொரு தடவை அழுத்தக் கை போனது. நல்லவேளை விட்டுவிட்டேன், அரை மணி கழித்து ரசீது வந்தது.

மூன்றாம் நாள் தாள் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு தென்காசிக்கு அனுப்பி, அவரும் போட்டு, திரும்பி வந்தது. எல்லாம் முடிந்தது என்று எச்ஆர்ஏ, அதாவது வாடகைப்படிக்கான வரிச்சலுகைக்காக அலுவலகத்தில் கொடுத்தேன். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். எனக்கு 1,68,000 வருகிறது. அவர் பான் அட்டையை வாங்கிப் பார்த்தால் `SUBBIAH KALYANI`. எஸ் என்பது சண்முகம் இல்லை, சுப்பையா! அவருடைய அப்பா. மகளுக்கே தெரியவில்லை.

கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. தளத்தில் கேட்டால், ஸ்டாம்ப் எடுத்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, புதிதாக எடுங்கள் என்றார்கள். இன்னொரு 649. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி மூன்று வாரம் ஆகிறது. உங்களுக்கு எப்படி நடந்தது, சொல்லுங்கள்.

ஹரி

ப்ரோ, இவ்வளவு கஷ்டமே வேண்டாம். பதினோரு மாதம் என்றால் பதிவும் கிடையாது, ஸ்டாம்ப் கட்டணமும் கிடையாது. ஒரு நூறு ரூபாய்த் தாள் போதும், எந்த ஊரிலும் செல்லும். நான் மூன்று வீடு அப்படித்தான் மாறினேன். பெயர் தப்பானால் பேனாவால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் இரண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தேதியையும் நீங்கள் குடிவந்த நாளாகவே போட்டிருக்கலாம்.

வனஜா

நான் ஓனர் பக்கம். எங்கள் குடித்தனக்காரப் பையன் கூரியர் எல்லாம் வேண்டாம் ஆன்ட்டி, ஆதார் ஓடிபியிலேயே கையெழுத்துப் போடலாம் என்றான். சரி என்றேன். ஓடிபி வரவே இல்லை. மூன்று தடவை முயன்ற பிறகுதான் நினைவு வந்தது, ஆதாரில் இருப்பது மகனின் பழைய நம்பர், அவன் வெளிநாடு போனதும் அந்த சிம்மை விட்டுவிட்டான். நம்பர் மாற்ற நானே ஆதார் மையத்துக்குப் போய் விரல் வைக்க வேண்டியிருந்தது. மாற்றி முடித்து ஓடிபி வருவதற்குள் ஒன்றரை வாரம். அதற்குள் பையன் ஸ்டாம்பும் எடுத்துவிட்டான், வீட்டுக்கும் வந்துவிட்டான்! ஒப்பந்தமே இல்லாமல் பத்து நாள் வைத்திருந்தேன். இப்போதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் முதல் கேள்வியே, ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்பதுதான்.

பாஸ்கர்

சார்பதிவாளர் அலுவலகம் எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன், பத்தொன்பது வருஷமாக இந்த வேலைதான். செல்வகுமார் தம்பிக்கு நடந்தது வாரம் ஒரு தடவையாவது என் மேஜைக்கு வரும்.

இ-ஸ்டாம்ப் என்பது உங்கள் கையில் இருக்கும் தாள் இல்லை. ஸ்டாக் ஹோல்டிங் நிறுவனத்தின் கணினியில் இருக்கும் பதிவுதான் ஸ்டாம்ப். தாளில் `IN-TN` என்று தொடங்கி ஒரு நீளமான எண் இருக்கும். `www.shcilestamp.com` போய் அந்த எண்ணையும் தேதியையும் கொடுத்தால் அங்கே உள்ளது தெரியும். தாளும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் சான்றிதழ் செல்லாது என்று அடியிலேயே அச்சடித்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. அதனால் ஹரி தம்பி சொன்ன பேனாத் திருத்தம் ஒப்பந்த வாசகத்தில் நடக்கும், ஸ்டாம்ப் பகுதியில் நடக்காது. பேனாவால் தாளைத் திருத்தலாம், கணினியில் பழைய பெயர்தானே நிற்கும்?

ஆனால் தம்பி, நீங்கள் இரண்டாவது 649 கட்டியிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கையெழுத்துக்கு முன்னாலேயே கவனித்திருந்தால், வாசகத்தில் "சுப்பையா மகள், சண்முகம் மனைவி, கல்யாணி சண்முகம் என்கிற எஸ். கல்யாணி" என்று எழுதி, பான் எண்ணையும் அதிலேயே சேர்த்திருக்கலாம். "என்கிற" என்ற ஒரு வார்த்தை எங்கள் தொழிலில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் அலுவலகம் அதை ஏற்றிருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்தக் குழப்பம் நம் ஆட்களுக்கு மட்டும் ஏன் வருகிறது என்றால், பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போட விடமாட்டார்கள். விரித்து எழுதச் சொல்வார்கள். ஆதாரில் இனிஷியலாகவே இருக்கும். வீட்டு வரி ரசீதில் மூன்றாவது மாதிரி. பெண்கள் என்றால் இனிஷியல் அப்பாவா, கணவரா என்ற கேள்வி வேறு. அதனால் எச்ஆர்ஏவுக்கு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பான் அட்டையைத்தான் கேட்பேன். அதில் உள்ளபடியே ஸ்டாம்புக்கு அடித்துவிட்டு, மற்ற உருவங்களை வாசகத்தில் வைப்பேன்.

தேதி விஷயத்தில் ஹரி தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். ஸ்டாம்ப் கையெழுத்துக்கு முன்போ அதே சமயத்திலோ இருக்க வேண்டும், அது சட்டம். ஜூன் 20-ல் எடுத்த ஸ்டாம்பின் கீழே ஜூன் 1-ல் கையெழுத்திட்டதாக எழுதினால் தாளே உங்களைக் காட்டிக்கொடுக்கும். கையெழுத்துத் தேதி 20 என்றே இருக்கட்டும், "வாடகை ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது" என்று உள்ளே ஒரு வரி எழுதினால் போதும்.

ஹரி

அண்ணே, பதினோரு மாதத்துக்குப் பதிவு வேண்டாம் என்பது சரிதானே?

பாஸ்கர்

பாதி சரி. ஒரு வருஷத்துக்கு மேல் போனால்தான் சார்பதிவாளரிடம் பதிவு கட்டாயம். அதற்குப் பயந்துதான் பதினோரு மாதம் என்ற வழக்கமே வந்தது. ஸ்டாம்ப் கட்டணம் தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் முப்பது வருஷத்துக்குள் என்றால் வாடகைத் தொகையில் ஒரு சதவீதம். தம்பிக்கு 14,000 வீதம் பதினோரு மாதத்துக்கு 1,54,000, ஆக 1,540 ரூபாய். தளம் எடுத்தது 100. அலுவலகத்தில் இதை யாரும் பார்க்கமாட்டார்கள். நாளை அட்வான்ஸ் திரும்ப வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போனால் அப்போதுதான் குறைந்த ஸ்டாம்ப் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். விட்டுப்போன தொகையையும் அபராதத்தையும் கட்டினால்தான் தாளை உள்ளே எடுப்பார்கள். 649-ல் ஸ்டாம்ப் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மீனாட்சி

அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அப்படியானால் 2,14,000-க்கு 2,140 வருமே?

பாஸ்கர்

திரும்பிக் கொடுக்கிற பணம்தானே என்று ஒரு கட்சி, வாங்குகிற பணம் எல்லாம் சேரும் என்று ஒரு கட்சி. எங்கள் தெருவிலேயே இரண்டு விதமாகவும் போடுகிறார்கள். நான் கேட்டவரிடம் இரண்டு தொகையையும் சொல்லிவிடுவேன்.

இப்ராஹிம்

ஐயா, எனக்கு வந்த ஸ்டாம்பில் `Description of Document` என்ற இடத்தில் Lease என்று அடித்திருக்கிறார்கள். நான் லீசுக்குப் போகவில்லை, மாத வாடகை 9,000 கொடுக்கிறேன். ஓனர் நாளைக்கு மொத்தத் தொகை கேட்பாரா? இதையும் மாற்ற முடியாதா?

பாஸ்கர்

பயப்படாதீர்கள் பாய். நம் ஊரில் லீஸ் என்றால் மொத்தமாக ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, பழைய ஆட்கள் ஒத்தி என்பார்கள். ஸ்டாம்பில் உள்ள வார்த்தை அது இல்லை. மாத வாடகையும் சட்டத்தில் Lease என்ற பெயரில்தான் வரும். சொல்லப்போனால் சில தளங்கள் குறைந்த ஸ்டாம்புக்காக அதே இடத்தில் Agreement என்று போட்டுவிடுகின்றன. உங்களுக்குச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். `First Party` யார், `Second Party` யார் என்று மட்டும் பாருங்கள். ஓனர் பெயரும் உங்கள் பெயரும் அங்கே இருந்தால் போதும்.

வனஜா

சாட்சிக்கு அந்தப் பையன் தன் மனைவி பெயரையே கொடுத்திருந்தான். செல்லுமா?

பாஸ்கர்

செல்லாது என்று சட்டம் எதுவும் இல்லை அக்கா. வாடகைப் பத்திரத்துக்கு சாட்சி இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் தகராறு வந்தால் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர் சொல்வதை யார் நம்புவார்? உங்கள் பக்கம் ஒருவர், அவன் பக்கம் ஒருவர், இருவரும் கையெழுத்தை நேரில் பார்த்தவர்களாக இருந்தால் நல்லது. ஆன்லைனில் எங்கோ இருக்கும் நண்பனின் பெயரை அடித்துவிட்டு, தாள் வந்ததும் தானே இரண்டு விதக் கையெழுத்தாகப் போடுகிறார்கள். அதற்கு சாட்சியே இல்லாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்று, எல்லோருக்கும். 2017 வாடகைச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு மாதமானாலும் `tenancy.tn.gov.in` தளத்தில் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். ஒப்பந்தத் தேதியிலிருந்து தொண்ணூறு நாளுக்குள். இது சார்பதிவாளர் பதிவு இல்லை, தனி. இ-ஸ்டாம்ப் எடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

செல்வகுமார்

அண்ணே, பழைய ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் தொண்ணூறு நாள் எப்போதோ போய்விட்டது. புதியதிலிருந்து எண்ணினால் இருபத்தொரு நாள்தான் ஆகிறது. எதை எடுப்பது?

பாஸ்கர்

கையில் செல்லுபடியாக இருப்பது புதியதுதானே, அதைத்தான் காட்டுவீர்கள். அதற்கு முன்னால் ஓனரம்மாவிடம் கேளுங்கள். அவர் விவரமும் அடையாளமும் இல்லாமல் அங்கே எதுவும் நகராது.

செல்வகுமார்

இப்போதுதான் தென்காசிக்குப் பேசினேன். "பதிவெல்லாம் எதுக்குப்பா, உன்னை நம்பித்தானே சாவியைக் கொடுத்தேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன். அன்றைக்கு மகள் வீட்டில் இருக்கமாட்டாராம்.