கெபாசிட்டர் லிஸ்ட்டில் பிகோவை நானோ, மைக்ரோவாக மாற்றினால் சில வரிகள் மட்டும் தப்பாக வருகின்றன – உதவி

சுருள்கம்பி:
வணக்கம். கொஞ்சம் அவசரம், இன்று இரவுக்குள் பார்ட்ஸ் லிஸ்ட் அனுப்ப வேண்டும். கெபாசிட்டர் மதிப்பெல்லாம் பிகோவில் இருக்கிறது. ஆயிரத்துக்குக் கீழே `pF`, பத்து லட்சத்துக்குக் கீழே `nF`, அதற்கு மேல் `µF` என்று வர ஃபார்முலா போட்டேன். பெரும்பாலான வரிகள் சரி. சில வரிகளில் மட்டும் `0.000104 µF` மாதிரி வருகிறது. ஏன்?

ஓம்விதி:
ஃபார்முலாவைப் போடாமல் எப்படிச் சொல்வது? எந்த மென்பொருள்? தப்பாக வரும் செல்லில் உள்ளே என்ன எண் இருக்கிறது?

மூத்த ஈயம்:
அலகு மாற்றுவது பள்ளிப் பாடம். ஆயிரம் பிகோ ஒரு நானோ, ஆயிரம் நானோ ஒரு மைக்ரோ. இதற்கு ஃபார்முலாவே வேண்டாம், கண்ணால் பார்த்து மூன்று இடம் புள்ளியை நகர்த்தினால் முடிந்தது. எங்கள் காலத்தில் இருநூறு வரி லிஸ்ட்டைக் கையால் எழுதினோம். அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் நல்லது.

கசிவு:
அந்த µ எழுத்துதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மைக்ரோ குறி வேறு, கிரேக்க எழுத்து வேறு. கோப்பை வேறு கணினியில் திறந்தால் `Âµ` என்று உடைந்துவிடும். பேசாமல் `uF` என்று அடியுங்கள்.

ஓம்விதி:
`uF` என்று அடிப்பது நல்ல பழக்கம்தான் கசிவு, ஆனால் குறி உடைந்தால் எண் எப்படி மாறும்? இங்கே எண்ணே தப்பு.

சுருள்கம்பி:
மன்னிக்கவும். எக்செல். ஃபார்முலா இது:

```
=IF(B2<1000, B2&" pF", IF(B2<1000000, B2/1000&" nF", B2/1000000&" µF"))
```

470000 போட்டால் `470 nF`, 10000000 போட்டால் `10 µF`, எல்லாம் சரி. தப்பாக வருபவற்றில் இரண்டு C3, C5 கெபாசிட்டர்களின் வரிகள். உள்ளே 104, 473 என்றுதான் இருக்கிறது. இரண்டுமே ஆயிரத்துக்குக் கீழே, அப்படியிருந்தும் மைக்ரோவுக்குப் போகிறது.

நிலைமின்:
தசம எண்ணைக் கணினி துல்லியமாக வைத்துக்கொள்ளாது, அதனால்தான் இப்படிக் குட்டி எண் வருகிறது. வகுத்தலைச் சுற்றி `ROUND` போடுங்கள், மூன்று தசமம் போதும்.

சுருள்கம்பி:
போட்டேன். இப்போது `0 µF` என்று வருகிறது.

கதிர்வீதி:
நண்பரே, C3-யில் 104 செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மூலையில் பச்சை முக்கோணம் இருக்கிறதா? இருந்தால் அது எண் இல்லை, உரை. எக்செல் ஒப்பிடும்போது உரையை எந்த எண்ணையும் விடப் பெரியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் இரண்டு `IF`-உம் "இல்லை" என்று சொல்லி, கடைசிக் கிளைக்குத் தள்ளிவிடுகின்றன. ஆனால் வகுக்கும்போது அதே உரையை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. 104-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.000104. எல்லா இடத்திலும் `B2`-க்குப் பதில் `VALUE(B2)` போடுங்கள்.

பழைய வானொலி:
எனக்கும் இதே தொல்லை. வால்வு ரேடியோ வரைபடம் ஒன்றில் `.0005 mfd` என்று இருக்கிறது, பக்கத்திலேயே அலகே இல்லாமல் `250` என்று ஒரு கெபாசிட்டர். முதலாவது 500 பிகோ. இரண்டாவதை 250 மைக்ரோ என்று எடுத்தால் அந்தச் சின்ன டப்பாவில் அடங்காது, அதனால் 250 பிகோ என்று வைத்துக்கொண்டேன். தம்பி, உங்கள் வரைபடத்தில் `mmfd` என்று எங்காவது போட்டிருக்கிறதா பாருங்கள். அது மைக்ரோவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இன்றைய பிகோதான்.

சுருள்கம்பி:
கதிர்வீதி அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். உரைதான். `VALUE` போட்டேன், `104 pF`, `473 pF` என்று அழகாக வந்துவிட்டது. ஒரு வரி மட்டும் `#VALUE!` என்று நிற்கிறது, அதில் `4R7` என்று இருக்கிறது, யாரோ தப்பாக அடித்திருப்பார்கள். அதைக் கையால் 47 ஆக்கிவிடுகிறேன். எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிப் பழைய நெடுவரிசை மேலேயே ஒட்டிவிட்டேன். நன்றி!

ஓம்விதி:
சுருள்கம்பி, அனுப்பாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

கதிர்வீதி சொன்ன காரணம் சரி. ஆனால் செல் ஏன் உரையாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. `4R7` தட்டச்சுப் பிழை இல்லை, R இருக்கும் இடம் தசமப் புள்ளி. அது 4.7 பிகோ. கெபாசிட்டர் உடம்பில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். அப்படியானால் பக்கத்தில் இருக்கும் 104-உம் 473-உம் பிகோ எண்ணிக்கையே இல்லை, அவையும் உடம்பில் இருந்த குறியீடு. முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது இலக்கம் அதன் பின்னால் போட வேண்டிய சுழியங்கள். 104 என்றால் 10-க்குப் பின் நான்கு சுழியம், ஒரு லட்சம் பிகோ, அதாவது 100 நானோ. 473 என்றால் 47,000 பிகோ, 47 நானோ.

நீங்கள் இப்போது அனுப்ப இருந்த லிஸ்ட்டில் 100 நானோ வேண்டிய இடத்தில் 104 பிகோ. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு குறைவு. முன்பு வந்த `0.000104 µF`-உம் அதே 104 பிகோதான், ஆனால் அதைப் பார்த்தவுடனே ஏதோ தப்பு என்று உறுத்தியது. இப்போது வந்திருப்பது பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, யாருக்கும் உறுத்தாது. 104 பிகோ என்ற மதிப்பு வழக்கமான E12, E24 தொடர்களில் கிடையாது, அதனால் விற்பவர் பக்கத்தில் இருக்கும் 100 பிகோவை எடுத்து வைப்பார். C3 ஐசியின் மின் காலுக்குப் பக்கத்தில் இருப்பதுதானே? போர்டு ஓடவும் செய்யும். அப்புறம் எப்போதாவது காரணமே தெரியாமல் ரீசெட் ஆகும். நாள் கணக்கில் நிரலைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

இந்த வரிகள் எங்கிருந்து வந்தன?

கதிர்வீதி:
நான் செல்லைப் பார்த்தேன், கெபாசிட்டரைப் பார்க்கவில்லை. ஓம்விதி சொல்வதைக் கேளுங்கள்.

மூத்த ஈயம்:
இதைத்தான் அடிப்படையைப் படியுங்கள் என்றேன். 104 என்றால் 100 நானோ என்பது மாணவர்களுக்கே தெரியும்.

நிலைமின்:
ஐயா, தெரிந்திருந்தால் முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே. அதில் 104 கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. புள்ளியை நகர்த்தச் சொன்னீர்கள், அப்படி நகர்த்தினாலும் தப்புதான் வந்திருக்கும்.

சுருள்கம்பி:
ஐயோ. பழைய போர்டில் இருந்ததைப் பார்த்து நண்பர் சில வரிகள் அடித்துத் தந்தார், மீதி நான் வரைபடத்தில் இருந்து பிகோவாக மாற்றிப் போட்டேன். C7, C8 இரண்டிலும் 220 என்று இருக்கிறது. அது யார் போட்டது என்று நினைவில்லை. அது 220 பிகோவா, 22 பிகோவா?

ஓம்விதி:
இதுதான் எனக்குப் பயமாக இருந்த இடம். 104, 473 மாதிரி எண்கள் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அப்படிப் பிகோ மதிப்பு வழக்கத்தில் இல்லை. 220, 100, 470 எல்லாம் இரண்டு பக்கமும் பொருந்தும். குறியீடாகப் படித்தால் 22-க்குப் பின் சுழியமே இல்லை, 22 பிகோ. எண்ணாகப் படித்தால் 220 பிகோ. இரண்டுமே சந்தையில் கிடைப்பவை.

உங்களிடம் இதற்குச் சாட்சி இருந்தது: நண்பர் அடித்தது உரை, நீங்கள் அடித்தது எண். எல்லாவற்றையும் எண்ணாக்கி மேலேயே ஒட்டியதில் அந்தச் சாட்சி போய்விட்டது. நண்பர் அனுப்பிய மூலக் கோப்பு இருக்கிறதா? இருந்தால் அதை வேறு பெயரில் திறந்து, B நெடுவரிசையைத் தொடாமல் C நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=IF(ISTEXT(B2), LEFT(B2,2)*10^RIGHT(B2,1), B2)
```

உரையாக இருந்தால் குறியீடாகப் படிக்கும், எண்ணாக இருந்தால் அப்படியே விடும். உங்கள் பழைய ஃபார்முலா C2-ஐப் பார்க்கட்டும். `4R7` அப்போதும் பிழை காட்டும், அந்த இடத்தில் 4.7 என்று கையால் போடுங்கள், 47 அல்ல. மூன்றாவது இலக்கம் 9 ஆக இருந்தாலும் இந்த ஃபார்முலா ஏமாற்றும். அங்கே 9 என்பது பத்தால் வகு என்று பொருள்: `229` என்றால் 2.2 பிகோ.

C7, C8 கிறிஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா? இருந்தால் 22 என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஊகத்தை வைத்து லிஸ்ட் அனுப்பாதீர்கள்.

கசிவு:
சரி, அலகுக்கு வருவோம். 470000-க்கு `470 nF` என்று போடுவதைவிட `0.47 µF` போடுவது மேல். பல விற்பனைப் பட்டியல்களில் அப்படித்தான் இருக்கும், தேடும்போது உடனே கிடைக்கும்.

நிலைமின்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். `0.47`-இல் புள்ளி அச்சில் மங்கினால் 47 ஆகிவிடும். `470 nF`-இல் புள்ளியே இல்லை. 4.7 நானோவுக்கும் `4n7` என்று எழுதினால் அலகே புள்ளி இடத்தில் நிற்கும், தொலைந்துபோக எதுவும் இல்லை.

கசிவு:
`4n7` என்று போட்டுத் தேடினால் எல்லா இடத்திலும் கிடைக்குமா? லிஸ்ட் வாங்குபவருக்காக எழுதுவது, வரைபடம் இல்லை.

பழைய வானொலி:
எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், `mF` என்று மட்டும் எழுதாதீர்கள். பழைய தாளில் அது மைக்ரோ, இன்று படிப்பவருக்கு மில்லி. ஆயிரம் மடங்கு.

ஓம்விதி:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எது போட்டாலும் லிஸ்ட் முழுக்க ஒரே முறையாக இருக்கட்டும். ஒரு வரியில் `0.1 µF`, இன்னொன்றில் `100 nF` என்று இருந்தால், ஒரே பாகத்தைத் தனித்தனியாக எண்ணி இரண்டு வரியாக வாங்குவார்கள். பிகோ எண் நெடுவரிசையையும் அழிக்காமல் வையுங்கள். அலகு ஒட்டிய உரையை வரிசைப்படுத்தினால் `10 µF` மேலேயும் `22 pF` கீழேயும் போய் நிற்கும்.

கதிர்வீதி:
சுருள்கம்பி, மூலக் கோப்பு கிடைத்ததா?

சுருள்கம்பி:
கிடைத்தது. C3 `100 nF`, C5 `47 nF`, C9 `4.7 pF` ஆக மாறிவிட்டது. C7 உரையாக இருக்கிறது, C8 எண்ணாக இருக்கிறது! இரண்டும் கிறிஸ்டலின் இரண்டு காலிலும் இருப்பவை. லிஸ்ட்டை நாளைக்குத் தள்ளிவிட்டேன். C8-ஐக் கழற்றி மீட்டரில் அளக்கப் போகிறேன்.

ஓம்விதி:
ஒரு காலையாவது போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளங்கள். மீட்டர் ஒயருக்கே சில பத்துப் பிகோ இருக்கலாம், முதலில் ஒன்றும் மாட்டாமல் வருவதைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள்.

கதிர்வீதி:
மூன்று நாள் ஆயிற்று. என்ன வந்தது தம்பி?