முகத்தை மாற்றும் முன் சம்மதம் எப்படிக் கேட்டீர்கள்?

வடபழனி எடிட்டர்
கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். சமீபத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து, சினிமாப் பாட்டில் ஆடும் நடிகைக்கு மணப்பெண்ணின் முகத்தை வைத்து, வரவேற்பில் எல்.இ.டி. திரையில் ஓட்ட வேண்டும் என்றார்கள். "சர்ப்ரைஸ், பொண்ணுக்குத் தெரியக்கூடாது" என்று வேறு சொன்னார்கள். அவரைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவருக்கே தனியாக வாட்ஸ்அப் அனுப்பினேன்:

"வணக்கம்மா. உங்கள் நிச்சயதார்த்தப் படத்தில் இருக்கும் முகத்தை, இத்துடன் அனுப்பியிருக்கும் கிளிப்பில் ஆடுபவருக்கு வைக்கச் சொல்கிறார்கள். 20 விநாடிதான். மண்டபத்தில் ஒரே ஒரு முறை ஓடும், இன்ஸ்டாவில் போடமாட்டேன், அப்புறம் அழித்துவிடுவேன். முடித்ததும் முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவே வேண்டாம், நேரமில்லை என்று நானே அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்."

கிளிப்பைப் பார்த்துவிட்டு, "இந்த டிரெஸ்ல என் முகமா? முன்வரிசையில தாத்தா உட்கார்ந்திருப்பாரு, வேண்டாம் அண்ணா" என்றார். வெறுமனே "ஒரு ஃபன் வீடியோ பண்ணலாமா?" என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். எந்த உடம்பில், யார் முன்னால் என்று தெரியாமல் சொல்கிற சரியை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்பத்தூர் ரவி
ஃபேஸ்புக்கில் அவங்களே போட்ட படம்தானே? "இது எடிட்" என்று கீழே எழுதிவிட்டால் போதாதா? ஐ.டி. சட்டத்தின் 66டி பிரிவும் ஏமாற்றினால்தான் பாயும்.

பாரிமுனை வக்கீல்
ரவி, 66டி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான பிரிவு, அதுவரை சரி. ஆனால் அதே ஐ.டி. சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளில், மார்ஃபிங் செய்த தன் படத்தைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால், அதைத் தளம் நீக்க வேண்டும். யாரும் ஏமாந்தார்களா என்ற கேள்வியே அங்கே இல்லை. "எடிட்" என்று எழுதுவது பார்ப்பவருக்குச் சொல்லும் தகவல்தான், முகத்துக்கு உரியவரின் அனுமதி ஆகாது. ஒருவர் ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து அந்த வரியை வெட்டி ஃபார்வர்டு செய்தால் அதுவும் போச்சு. இன்னொன்று, குடும்ப குரூப்பில் கேட்டுவிட்டு, யாரும் மறுக்கவில்லை என்று கிளம்பாதீர்கள். எல்லார் முன்னாலும் மாட்டேன் என்று சொல்லப் பலருக்கு வாய் வராது.

மயிலாப்பூர் மீனா
எங்கள் வீட்டில் வேறு மாதிரி. அப்பா இப்போது இல்லை. தங்கை கல்யாணப் படத்தில் பெரியப்பா நிற்கும் இடத்தில் அப்பா முகத்தை வைக்கலாம் என்கிறார் அண்ணன். அம்மாவுக்குச் சம்மதம், தங்கைக்கு மனசில்லை. யார் பேச்சைக் கேட்பது?

பாரிமுனை வக்கீல்
சட்டத்தில் இதற்கு நேரடியான பதில் இல்லை. தங்கையின் கல்யாணப் படம் அது, அவர் வேண்டாம் என்னும்வரை நானாக இருந்தால் நிறுத்திவைப்பேன். அம்மா மனசு கஷ்டப்படுமே என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வடபழனி எடிட்டர்
பெரியப்பாவைக் கேட்டீர்களா மேடம்? அழியப்போவது அவர் முகம். இந்த மாதிரி வேலையில் எப்போதும் இரண்டு பேரைக் கேட்க வேண்டும், இரண்டாவது ஆளை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மயிலாப்பூர் மீனா
யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார், படத்தைக் காட்டி நானே கேட்கிறேன்.