தாம்பரத்தில் முதல் வீடு: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். விலை 45 லட்சம். வங்கி 80 சதவீதம் தரும், 9 லட்சம் நாம் போட்டால் போதும் என்று நான்கு வருடமாகச் சேர்த்தோம். கையில் இப்போது 14 லட்சம் இருக்கிறது.

ஆனால் வங்கி மதிப்பீட்டாளர் 42 லட்சம்தான் போட்டார். அதில் 80 சதவீதம் 33.6 லட்சம். ஆக, எங்கள் பங்கு 11.4 லட்சமாகிவிட்டது. அப்புறம் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். அது 4.05 லட்சம். இதற்கு வங்கிக் கடன் கிடையாது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சமையலறை அலமாரி, ஃபேன், கிரில், கட்டில் என்று இன்னொரு 3 லட்சம்.

கூட்டினால் 18.45 லட்சம். 4.45 லட்சம் குறைகிறது. மாதம் 40 ஆயிரம் சேர்க்கிறோம். அலமாரி, கட்டில் என்ற அந்த 3 லட்சம் செலவை முழுதாகத் தள்ளிப்போட்டால் நான்கே மாதத்தில் பதிவு செய்துவிடலாம். அம்மா, சமையலறையை முடிக்காமல் குடிபோக வேண்டாம் என்கிறார்.

மதிப்பீட்டைக் காட்டி விலையைக் குறைத்தவர்கள் இருக்கிறீர்களா? பிஎஃப் பணம் எடுத்தவர்களுக்கு எத்தனை நாளில் கைக்கு வந்தது? குடிபோகும் முன்பே செய்தாக வேண்டிய வேலைகள் எவை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், உரிமையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.