காக்குரோவில் ஒரு மூலை மட்டும் திறக்கவே இல்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ரயில்பயணி

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குத் தினமும் மின்சார ரயில். போகும்போது ஒரு காக்குரோ, வரும்போது ஒன்று. கட்டங்களில் 1 முதல் 9 வரை இலக்கம் போட்டு, ஒரு தொகைக்குள் எதுவும் இருமுறை வராமல், கொடுத்த தொகையைக் கொண்டுவரும் எண் புதிர்தான். போன வாரம் ஒரு புதிரின் இடது மேல் மூலையில் மூன்று நாள் நின்றுவிட்டேன். படம் போட முடியவில்லை, சொல்லிப் பார்க்கிறேன்.

இடமிருந்து வலம் முதல் வரி மூன்று கட்டம், தொகை 23. அதற்கு நேர் கீழே இரண்டாம் வரி, அதுவும் மூன்று கட்டம், தொகை 17. மேலிருந்து கீழ் முதல் நெடுவரிசை இரண்டு கட்டம், 16. அடுத்தது இரண்டு கட்டம், 17. மூன்றாவது மட்டும் மூன்று கட்டம், 9. அதாவது மூன்றாம் நெடுவரிசையின் கடைசிக் கட்டம் தனியாகக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்துதான் மீதிப் புதிருக்கு வழி.

நான் செய்தது இரண்டாம் வரியில் தொடங்கியது. மூன்று கட்டத்தில் 17 என்றால் 1-7-9, 2-6-9, 2-7-8, 3-5-9, 3-6-8, 4-5-8, 4-6-7 என்று ஏழு கூட்டு வருகிறது. ஓரத்தில் ஏழையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்து அடித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். நீங்கள் எங்கே தொடங்குவீர்கள்?

மல்லி

அண்ணா, ஏழு கூட்டு உள்ள வரியில் கை வைத்ததுதான் தப்பு. ஒரே ஒரு கூட்டு மட்டும் உள்ள தொகைகள் மொத்தம் 34தான். கல்லூரிப் பேருந்தில் அதை மனப்பாடம் செய்தேன். இரண்டு கட்டத்தில் 3, 4, 16, 17. மூன்று கட்டத்தில் 6, 7, 23, 24. நாலு கட்டத்தில் 10, 11, 29, 30. இப்படியே போகும்.

உங்கள் மூலையில் 23 என்றால் 6-8-9 தவிர வேறு கிடையாது. 16 என்றால் 7-9. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இரண்டுக்கும் பொதுவான 9தான் வரும், அதன் கீழே 7. அடுத்த நெடுவரிசை 17, அதாவது 8-9. முதல் வரியில் 9 போய்விட்டதால் மேலே 8, கீழே 9. முதல் வரியில் மிச்சம் 6. இரண்டாம் வரியில் 7, 9 வந்துவிட்டது, 17க்கு இன்னும் 1 வேண்டும். மூன்றாம் நெடுவரிசை 6, 1, ஆகவே கடைசிக் கட்டம் 2. அவ்வளவுதான்.

பட்டியலில் இல்லாத தொகையை நான் தொடவே மாட்டேன். அதெல்லாம் கடைசியில் தானாக விழும்.

சேலத்துக்காரி

எனக்கும் இதே மாதிரி ஆனது. ஒரு வரியின் இடது பக்கத்தில் 9 போட்டிருந்தேன். அதனால் அதே வரியின் வலது பக்கத்தில் 9 வரக்கூடாது என்று தள்ளிவிட்டேன். அங்கே இரண்டு கட்டத்தில் 17! 8-9 இல்லாமல் எப்படி வரும்? புதிரே தவறு என்று முடிவு செய்து தூக்கிப் போட்டேன். பத்து வருடமாக சுடோகு போடுகிறேன், இப்படி நடந்ததே இல்லை.

பழைய கணக்கன்

சேலத்து அம்மா, புதிர் சரியாகத்தான் இருந்திருக்கும். சுடோகுவில் வரி முழுக்க ஒரு இலக்கம் ஒருமுறைதான். காக்குரோவில் கறுப்புக் கட்டம் வந்தால் அங்கே கணக்கு முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் வேறு தொகை, வேறு கணக்கு. 9 மறுபடி வரலாம்.

மல்லி போட்ட விடை சரி. ஆனால் தம்பிக்கு வேண்டியது நீட்டிக்கொண்டிருக்கும் கட்டம்தானே? அதற்கு ஒரு கூட்டும் தெரிய வேண்டாம். மூன்று நெடுவரிசையின் தொகையையும் கூட்டுங்கள்: 16, 17, 9, ஆக 42. இரண்டு வரியின் தொகை: 23, 17, ஆக 40. நெடுவரிசைகளில் இருக்கிற எல்லாக் கட்டமும் அந்த இரண்டு வரிக்குள்ளேயே அடங்குகிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் மதிப்புதான் வித்தியாசம், 2. அந்த மூலையில் ஒரு இலக்கமும் எழுதாமலே வெளியே வந்துவிடலாம்.

நான் புதிரைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது இப்படி ஒரே கட்டத்தால் மற்றதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மூலைகளைத்தான். இரண்டு கட்டம் நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் கிடைக்கும். அதுவும் உதவும், ஆனால் கவனம்: அந்த இரண்டும் ஒரே தொகைக்குள் இல்லையென்றால் ஒரே இலக்கமாகவும் இருக்கலாம்.

பட்டியலில் இல்லாததைத் தொடமாட்டேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் மல்லி. நாலு கட்டத்தில் 12 எடுத்துக்கொள். 1-2-3-6, 1-2-4-5 என்று இரண்டே கூட்டு. இரண்டிலும் 1, 2 இருக்கிறது. அந்த நாலு கட்டத்தில் மூன்றுக்குப் பெரிய இலக்கம்தான் வரமுடியும் என்று இரண்டு கட்டம் தெரிந்துவிட்டால், மிச்ச இரண்டும் 1, 2தான். இன்னொன்று, பெரிய தொகைகளை நான் மனப்பாடம் செய்ததே இல்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் 10லிருந்து கழித்தால் சின்ன கூட்டு பெரிய கூட்டாகிவிடும். நாலு கட்டத்தில் 12க்கு எதிர்முகம் 40லிருந்து 12 போக 28. 1-2-3-6 என்பது 9-8-7-4 ஆகும், 1-2-4-5 என்பது 9-8-6-5 ஆகும். ஆக 28 வந்தால் 8, 9 நிச்சயம். பாதி தெரிந்தால் போதும்.

மல்லி

எதிர்முகம் எனக்குத் தெரியாது சார். இப்போதே மூன்று கட்டத்தில் 22க்குப் போட்டுப் பார்த்தேன். 30லிருந்து 22 போக 8. எட்டுக்கு 1-2-5, 1-3-4. திருப்பினால் 9-8-5, 9-7-6. சரியாக வருகிறது!

நீளமான வரிகளுக்கு நான் வேறு மாதிரி செய்வேன். ஏழு கட்டத்தில் 41 என்றால், ஒன்று முதல் ஒன்பது வரை மொத்தம் 45, அதில் 41 போக 4. விடுபட்ட இரண்டு இலக்கம் 1, 3. எது வரும் என்று தேடுவதைவிட எது வராது என்று தேடுவது சுலபம்.

அச்சகத்தார்

புதிர் தவறு என்று சேலத்து அம்மா சொன்னதும் என் கதை ஞாபகம் வந்தது. ஒரு வார இதழில் வந்த புதிரில் நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். எங்கே போனாலும் ஒரு கட்டத்தில் முட்டியது. பிறகு இடமிருந்து வலம் உள்ள எல்லாத் தொகைகளையும் கூட்டினேன், மேலிருந்து கீழ் உள்ளவற்றைத் தனியாகக் கூட்டினேன். இரண்டும் அதே கட்டங்களைத்தான் எண்ணுகின்றன, எனவே சமமாக இருக்கவேண்டும். 6 வித்தியாசம் வந்தது. எங்கோ ஒரு 12 என்பதை 18 என்றோ, 17 என்பதை 11 என்றோ அச்சடித்திருக்கிறார்கள். எந்தத் தொகை என்று இந்தக் கணக்கு சொல்லாது. இரண்டு பிழை ஒன்றையொன்று சரிக்கட்டினாலும் தெரியாது. ஆனாலும் இப்போது அரைமணி நேரம் முட்டினால் முதலில் இதைத்தான் செய்கிறேன்.

ரயில்பயணி

கணக்கன் ஐயா, அந்தக் கழித்தல் இன்று காலை வேறு புதிரில் பலித்தது. தாம்பரம் வருவதற்குள் இரண்டு மூலை திறந்துவிட்டது.

ஒரு சந்தேகம். இரண்டு வரி, இரண்டு நெடுவரிசை சந்திக்கும் நாலு கட்டத்தில் 8, 9 மட்டும் மாறி மாறி வரும்படி ஆனால், அவற்றை மாற்றிப் போட்டாலும் தொகை சரியாக இருக்கும், இரண்டு விடை ஆகிவிடும். புதிருக்கு ஒரே விடைதான் என்பதால் அப்படி வராது என்று வைத்து ஒரு கட்டத்தில் 8ஐ நீக்கினேன். செய்யலாமா?

மல்லி

தாராளமாக. ஒரே விடை என்பதும் விதிதானே.

பழைய கணக்கன்

நான் செய்யமாட்டேன். அமைத்தவர் சரியாக அமைத்திருக்கிறார் என்ற நம்பிக்கை அது, கட்டத்திலிருந்து வந்த காரணம் இல்லை. அச்சகத்தார் சொன்னது போல் ஒரு தொகை தவறாக அச்சாகியிருந்தால், தவறு உன்னுடையதா புதிருடையதா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

சேலத்துக்காரி

தூக்கிப் போட்டதைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். வலது பக்கம் 8-9 போட்டாயிற்று. அதன் கீழே ஐந்து கட்டத்தில் 16 இருக்கிறது. 1-2-3-4-6 தானே, மல்லி?