ஸ்கில் ட்ரீயில் வட்டமடித்த முன்தேவைகள்: உங்களுக்கு நேர்ந்தது உண்டா?

அல்சூர் செந்தில்
மறுநாள் பில்ட் அனுப்ப வேண்டும். பெங்களூரு ஆபீஸுக்கு வந்திருந்த ஒரு பையன் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினான். கையில் 6 பாயின்ட், ஆனால் "தீவீச்சு" திறக்கவே இல்லை. "அண்ணா, இதுக்கு கனல் கவசம் வேணுமாம். அதுக்கு வெப்பத்தாங்கல் வேணுமாம். அதுக்கு மறுபடி தீவீச்சே வேணுமாம்" என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முன்தேவைகளை எழுதிவைத்திருக்கும் ஷீட்டில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. கிராஷ் இல்லை, எரர் இல்லை. டெஸ்டர்களின் பழைய சேவ்களில் மூன்றும் முன்பே திறந்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அன்றிரவே லோடரில் கான் அல்காரிதத்தைப் போட்டேன். முன்தேவை இல்லாத நோடுகளை எடுத்துவிட்டு, அவற்றை நம்பியிருந்தவற்றின் கணக்கைக் குறைத்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவதில் வட்டம் இருக்கும். 11 பெயர் மிஞ்சியது. "இதில் எதைத் திருத்த?" என்றார் டிசைனர். வட்டத்தில் 3தான், மற்ற 8 அதன் பின்னால் மாட்டிக்கொண்டவை.

கார்த்தி
இவ்வளவு எதற்கு? முன்தேவைகள் வழியே போங்கள், பார்த்த நோடையே திரும்பப் பார்த்தால் வட்டம். ஒரு செட் போதும்.

வித்யா
கார்த்தி, அதை நம்பித்தான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். "இரட்டை வாள்" திறக்க "வாள்", "வேகம்" இரண்டும் வேண்டும். அந்த இரண்டுக்குமே "அடிப்படை" வேண்டும். உங்கள் செட் "அடிப்படை"யை இரண்டாம் முறை பார்த்ததும் வட்டம் என்று சொல்லிவிடும். அங்கே வட்டமே இல்லை. நோடுக்கு மூன்று நிலை வேண்டும்: தொடாதது, இப்போது போகும் பாதையில் இருப்பது, முடித்தது. பாதையில் இருப்பதை மறுபடி தொட்டால்தான் வட்டம். பாதையை வரிசையாக வைத்திருந்தால் அப்படியே அச்சிடலாம்:

```
fire_burst -> ember_shield -> heat_resist -> fire_burst
```

செந்தில், உங்கள் டிசைனருக்கு இந்த ஒரு வரி போதும். அப்புறம், ஷீட்டின் வரி எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். இல்லாத நோடின் பெயரை முன்தேவையாக எழுதியிருக்கிறார்களா என்று அதற்கு முன்பே பாருங்கள். பில்ட் ஆகும்போதே ஓட்டுங்கள், லோடுவரை காத்திருக்க வேண்டாம்.

ரஹீம்
எங்கள் ட்ரீயில் முன்தேவைகளில் ஏதாவது ஒன்று இருந்தாலே திறக்கும். வட்டங்களை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். வித்யா சொன்ன சோதனையைப் போட்டதும் சரியான ட்ரீயையே ஏற்க மறுத்தது. இப்போது தொடக்க நோடுகளிலிருந்து திறக்க முடிந்ததை எல்லாம் திறந்துகொண்டே போகிறோம், கடைசிவரை திறக்காதது தவறு. எந்த வரியால் என்பதை மட்டும் அது சொல்லாது.

பிரியா
எனக்கும் பாயின்ட் இப்படி மாட்டியது. ரீசெட் செய்தேன், சரியானது.

அல்சூர் செந்தில்
பிரியா, எங்கள் ஆட்டத்தில் ரீசெட் செய்தால் பழைய சேவ்காரர்களுக்கும் அந்த மூன்றும் பூட்டிக்கொள்ளும். அதுதான் என் பயமே. வெளியான பில்டில் வட்டம் சிக்கினால் லோடை நிறுத்துகிறீர்களா, அந்த நோடுகளை மட்டும் மறைக்கிறீர்களா?

வித்யா
நிறுத்துவேன்.

ரஹீம்
மறைப்பேன். காசு கொடுத்து வாங்கியவர் ஆட்டத்தைத் திறக்கவே முடியாமல் நிற்கக் கூடாது.